பதினேழு நாள் பயில்வான்

ஜனவரி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்காது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மச்சினன் அந்த மீமைப் போட்டுவிடுவான். மேல் பாதியில் ‘ஜனவரி 1’ என்று எழுதி, வடிவேலு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். கீழ்ப் பாதியில் ‘ஜனவரி 7’. அதே வடிவேலு, சட்டை கிழிந்து, கன்னம் வீங்கி, சுவரில் சாய்ந்து கிடப்பார். நடுவில் என்ன நடந்தது என்று எழுதியிருக்காது. வடிவேலுவுக்கு நடுவில் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கீழே “மாமா, இது உங்களுக்குத்தான்” என்று ஒரு வரி. முப்பத்திரண்டு பேர் சிரிப்பார்கள். என் அம்மா கட்டைவிரல் போடுவாள். மரணச் செய்திக்கும் அவள் அதே விரலைத்தான் போடுவாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த வாரம் இன்னொரு மீம் வரும். அறுபதாயிரம் ரூபாய் டிரெட்மில்லின் கைப்பிடியில் ஈரத்துண்டு, லுங்கி, பிள்ளையின் யூனிபார்ம் எல்லாம் வரிசையாகக் காயும். இந்தக் கேலியைத் தன் தலைமுறைதான் கண்டுபிடித்தது என்று மச்சினனுக்கு நினைப்பு. அந்த நினைப்பை உடைப்பதற்காகவே பழைய கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். ஜிம்முக்குப் போகாத நேரம் கைவசம் நிறைய இருந்தது.

1863 ஜனவரி. அமெரிக்காவின் நெவாடாவில் வெள்ளி தோண்டுகிறவர்கள் நிறைந்த வர்ஜினியா சிட்டி என்ற ஊர். அங்கே ‘டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்’ என்ற பத்திரிகையில் சாமுவேல் கிளெமன்ஸ் என்று ஒரு வாலிப நிருபர். புத்தாண்டுக்கு வாசகர்களை வாழ்த்தச் சொன்னால், உறுதிமொழி எடுக்க இதுவே நல்ல நேரம், அடுத்த வாரம் வழக்கம்போல அவற்றையே கல்லாக அடுக்கி நரகத்துக்கு ரோடு போட்டுக்கொள்ளலாம் என்ற ரீதியில் எழுதிவைத்தார். நேற்று ஊரே கடைசிச் சுருட்டைப் பிடித்தது, கடைசிக் கோப்பையைக் கவிழ்த்தது, ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாதம்தான் அவர் ‘மார்க் ட்வைன்’ என்று கையெழுத்துப் போடவே ஆரம்பித்தார். அதாவது ஆளுக்குப் பெயர் வருமுன்னே மீம் வந்துவிட்டது.

அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால், 1813 ஜனவரி 1-ஆம் தேதி, பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று இன்னும் கடுமையாகப் பேசியது. டிசம்பர் முழுக்கப் பாவம் செய்துவிட்டு, ஜனவரியில் ஒரு புது உறுதிமொழி எடுத்தால் பழையது எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பித் திரிகிற கூட்டத்தை அது கிண்டல் செய்தது. டிசம்பர் கடைசியில் தனியாளாக ஒரு கிலோ பிளம் கேக்கை முடித்தவன் என்ற முறையில் எனக்குச் சுருக்கென்றது. இந்த பாஸ்டன் வட்டாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை இருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, ஜனவரி 1 என்ற தேதிக்கும் நம் உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரோமாபுரியை வருஷத்துக்கு இரண்டு கான்சல்கள் ஆண்டார்கள். மார்ச் நடுவில் பதவியேற்பது வழக்கம். கி.மு. 153-ஐ ஒட்டி ஸ்பெயினில் செகெடா என்ற ஊர்க்காரர்கள் தங்கள் மதில் சுவரைக் கொஞ்சம் நீட்டிக் கட்டினார்கள். “யாரைக் கேட்டுக் கட்டினாய்?” என்று ரோம் கேட்க, “எங்கள் சுவர், எங்கள் இஷ்டம்” என்று அவர்கள் சொல்ல, சண்டை மூண்டது. படையோடு போகவேண்டிய கான்சல் மார்ச் வரைக்கும் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பதவியேற்பை ஜனவரி 1-க்கு இழுத்துவிட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. எவனோ காம்பவுண்டுச் சுவரை நீட்டியதற்கு, இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, பனி கொட்டுகிற மார்கழி விடியலில் நான் ஷூ லேஸ் கட்டவேண்டியிருக்கிறது.

அந்த நாளில் ரோமர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகை நாளில் ஏன் வேலை செய்கிறார்கள் என்று ஓவிட் என்ற கவிஞர் இரட்டை முகக் கடவுள் ஜேனஸிடமே கேட்பதாக எழுதியிருக்கிறார். வருஷத்தின் முதல் நாள் சும்மா இருந்தால் வருஷமே சும்மா போய்விடும், அதனால் ஒவ்வொருவரும் தன் தொழிலை லேசாகத் தொட்டுக் காட்டவேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பது கடவுளின் பதில். தொட்டு முடித்ததும் பேரீச்சை, அத்தி, தேன் என்று இனிப்பு விநியோகம். நம் ஊரில் சித்திரையில் பொன்னேர் பூட்டி நாலு சால் ஓட்டிவிட்டு மாட்டை அவிழ்த்துவிடுகிற மாதிரிதான். அன்றைக்கே வயல் முழுவதையும் உழுது முடி என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஜனவரி 1-ஆம் தேதி ஜிம்முக்குப் போய், டம்பெல்லைத் தொட்டு, கண்ணாடியில் போட்டோ எடுத்து, வெளியே வந்து ஜிகர்தண்டா குடிக்கிறவனை யாரும் கேலி செய்யக்கூடாது. அவன் ரோம சம்பிரதாயத்தைக் கடைசிச் சொட்டு வரை கடைப்பிடிக்கிறான்.

இந்த வம்சாவளியில் எனக்கு மிகவும் நெருக்கமான முன்னோர் சாமுவேல் பீப்ஸ். லண்டனில் கடற்படை அலுவலக உத்தியோகஸ்தர். காகிதம், கோப்பு, கமிஷன், மேலதிகாரி மேல் புகைச்சல் என்று நம் அரசு அலுவலகங்களில் பார்க்கிற அதே சங்கதி. வீட்டில் யாருக்கும் புரியாதபடி சுருக்கெழுத்தில் டைரி எழுதுவார். நாடகம் என்றால் உயிர், ஒயின் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் உயிர். இரண்டிலும் காசு கரைகிறதே என்று கவலைப்பட்டு, நாடகத்தையும் ஒயினையும் விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருப்பதை 1661 டிசம்பர் 31-ஆம் தேதி டைரியில் எழுதிவைத்தார்.

மறுநாள் காலை தூக்கத்தில் திடுக்கிட்டுப் புரண்டவரின் முழங்கை மனைவியின் மூக்கில் இறங்கியது. அந்த அம்மாள் வலியில் கத்திக்கொண்டு எழுந்தாள். “அடடா” என்று வருத்தப்பட்டுவிட்டு மனுஷர் திரும்பவும் தூங்கினார். இதையும் அவரே டைரியில் எழுதியிருக்கிறார். பிறகு எழுந்து, வில்லியம் பென் என்ற சக அதிகாரியோடு கோச்சு வண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் கிளம்பினார். போகிற வழியில், அன்றைக்கு ‘ஸ்பானிஷ் கியூரேட்’ நாடகம் போடுகிறார்கள் என்பது கண்ணில் பட்டது. அவ்வளவுதான். வண்டியை நிறுத்தி இறங்கி, “நீங்கள் போங்கள் சார்” என்று பென்னைத் தனியே அனுப்பிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, மூக்கு வீங்கிய மனைவியையும், பென்னின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். என் மச்சினனின் மீமில் ஜனவரி 7 வரையாவது அவகாசம் இருக்கிறது. பீப்ஸுக்கு ஜனவரி 1 சாயங்காலமே சட்டை கிழிந்துவிட்டது.

ஆனால் பீப்ஸ் லேசுப்பட்டவர் இல்லை. சத்தியத்தை மீறினால் ஏழைகளுக்கான உண்டியலில் அபராதம் போடுவது என்று தனக்குத்தானே விதி எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சத்தியங்களை எடுத்து வாசித்து மனதில் ஏற்றிக்கொண்டார். இதற்குக் கொஞ்சம் பலனும் இருந்தது, காரணம் ஆள் காசில் கெட்டி. பிறகு விதியில் ஓட்டை கண்டுபிடிப்பதிலும் அவரே முந்தினார். டிக்கெட்டுக்கு நண்பர் கிரீட் காசு கொடுத்தால் அது தன் கணக்கில் வராது என்று தனக்கே தீர்ப்பெழுதிக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டை நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பீப்ஸ் தப்புச் செய்த பிறகு அபராதம் கட்டினார். நாம் அபராதத்தை வருஷத் தொடக்கத்திலேயே மொத்தமாக, ஜிஎஸ்டியோடு கட்டிவிடுகிறோம். அபராதம் கட்டி ரசீதும் வாங்கியவனுக்குத் தப்புச் செய்ய என்ன கூச்சம்?

டிரெட்மில்லின் பூர்வீகமும் இந்த இடத்தில் வரவேண்டியதுதான். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் ஒரு சிறையில் கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனம் நொந்தார். அகலமான பெரிய மரச் சக்கரம் ஒன்றை வடிவமைத்து, அதைச் சுற்றிப் படிகள் வைத்தார். கைதிகள் வரிசையாக நின்று, மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஏற ஏறப் படி கீழே போகும், ஆள் அதே இடத்தில் இருப்பான். சில சிறைகளில் அந்தச் சக்கரம் மாவரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில இடங்களில் ஒன்றுமே செய்யாமல் காற்றைத்தான் அரைத்தது. ஆஸ்கார் வைல்டுகூட 1895-இல் சிறைக்குப் போனபோது இதில் ஏறியிருக்கிறார். மனுஷனுக்குச் செய்கிற காரியமா இது என்று பிரிட்டன் 1898-இல் சட்டம் போட்டு இதைக் கைவிட ஆரம்பித்தது. நாம் அதற்கு டிவியும் கப் ஹோல்டரும் வைத்துத் தவணையில் வாங்குகிறோம். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், பிப்ரவரியில் வராமல் நின்றுவிட்டதாக அந்தச் சிறைகளில் ஒரு கைதி மேல்கூடப் புகார் இருந்திருக்காது.

தண்டனையாக இருந்ததை ஆசையாக மாற்றிய கைங்கரியத்தில் விக் டேனி என்ற அமெரிக்கருக்குப் பங்கு உண்டு. அதற்கு முன் ஜிம் என்றால் வியர்வை நாற்றமடிக்கும் நிலவறை, துருப்பிடித்த இரும்பு, மூக்கு உடைந்த நாலு குத்துச்சண்டைக்காரர்கள். டேனி அங்கே கம்பளம் விரித்தார், கண்ணாடி பதித்தார், இரும்புக்கெல்லாம் பளபளவென்று குரோமியம் பூசினார், பெண்களையும் உள்ளே அழைத்தார். 1950-களில் நாடு முழுக்கக் கிளைகள். விற்பனைக்காரர்கள் வந்தவரை உட்காரவைத்து, நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, தவணைக்கு ஏற்பாடு செய்து அனுப்பினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அந்த சாம்ராஜ்யம் கடனில் சரிந்தது. ஆனால் அவர் விட்டுப்போன பாடத்தை வியாபாரம் மறக்கவில்லை. விற்க வேண்டியது தேகப்பயிற்சி என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கையெழுத்தை விற்றால் போதும் என்று டேனி காட்டினார்.

இப்போது பாஸ்டன் பக்கம் திரும்பலாம். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் நியூ இங்கிலாந்தில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவை வாங்கினார்கள். மூன்று வருஷப் பதிவு, 7,752 உறுப்பினர்கள். யார் எந்த நாளில் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்தார் என்பது அதில் இருந்தது. நம் மனைவிமார்கள் வாய்மொழியாகச் சொல்கிற அதே தகவலை அவர்கள் அட்டவணையாகப் போட்டு, 2006-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்டார்கள். ஜிம்முக்குப் போகாமல் இருக்கக் காசு கொடுப்பது என்பதுதான் கட்டுரையின் தலைப்பே.

கணக்கைப் பாருங்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல். அந்தச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறை வந்திருக்கிறார்கள். வகுத்தால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே கவுண்டரில் பத்து முறை வர 100 டாலர் என்று ஒரு சீட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்தே டாலர். பத்து ரூபாய் இட்லியைப் பதினேழு ரூபாய் கொடுத்து வாங்கி, அதையும் பாதிதான் சாப்பிட்ட கதை. உறுப்பினராக இருந்த காலம் முழுதும் சேர்த்தால் தலைக்குச் சராசரி 600 டாலர் இப்படிப் போயிருக்கிறது.

ஏன் வாங்கினார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை முறை போவீர்கள் என்று சிலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். சுமார் ஒன்பதரை முறை என்று சராசரி வந்தது. நிஜத்தில் போவது அதில் பாதிகூட இல்லை. அந்த ஒன்பதரையைச் சொன்னவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. கவுண்டரில் கையெழுத்துப் போடுகிற ஆள் ஒருவர், விடிகாலை ஐந்தரைக்கு அலாரத்தை அமுக்குகிற ஆள் வேறொருவர். முதல் ஆள் இரண்டாவது ஆளைக் கேட்காமல் அவர் பேரில் வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இன்னும் இருக்கிறது. வருஷ ஒப்பந்தம் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள், மாதச் சந்தாக்காரர்கள் வேண்டாமென்றால் நின்றுவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். மாதச் சந்தாக்காரர்கள் ஒரு வருஷம் தாண்டியும் உறுப்பினராக நீடிப்பது 17 சதவீதம் அதிகமாக இருந்தது. காரணம், வருஷக்காரர் வருஷ முடிவில் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் தொடர முடியும், சும்மா இருந்தால் முடிந்துவிடும். மாதச் சந்தா தானாகவே கார்டிலிருந்து போய்க்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், இல்லையென்றால் கடிதம் எழுத வேண்டும். ஜிம்முக்குப் போக முடியாதவன், போக முடியவில்லை என்று சொல்வதற்காக ஜிம்முக்குப் போக வேண்டும்! கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை நிறுத்திய நாளுக்கும் நடுவே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடி, 187 டாலர் சும்மா போயிருக்கிறது. நாளைக்குப் போய் நிறுத்திவிடலாம் என்று நினைத்த நாட்களின் மொத்த விலை அது. கூடவே, நாளையிலிருந்து ஒழுங்காகப் போகலாம் என்று நினைத்த நாட்களும் அதில் அடக்கம்.

ஜிம் முதலாளிக்கு இதெல்லாம் கட்டுரை வராமலே தெரியும். அமெரிக்காவில் ‘பிளானட் ஃபிட்னஸ்’ என்று ஒரு பெரிய சங்கிலி நிறுவனம், 2014-இல் மாதம் பத்து டாலர்தான். அந்த வருஷம் அமெரிக்கப் பொது வானொலி இவர்கள் கணக்கை விசாரித்தது. கிளைக்குச் சராசரி 6,500 உறுப்பினர்கள், பெரும்பாலான கிளைகளில் ஒரே நேரத்தில் கொள்வது 300 பேர் போல. எல்லோரும் தினமும் ஒரு மணி நேரம் வருவேன் என்று கிளம்பிவிட்டால் 22 ஷிஃப்ட் போட வேண்டும். உங்களுக்கு ராத்திரி இரண்டு மணி ஷிஃப்ட் விழுந்தால் பேய்தான் டம்பெல் எடுத்துக் கொடுக்கும். ஆனால் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்பதால்தான் பத்து டாலருக்குக் கட்டுப்படியானது. வராத ஆறாயிரம் பேர் வருகிற சிலருக்கு மொய் எழுதுகிறார்கள்.

அதனால் அந்தக் கடைக்குப் பயில்வான் என்றாலே அலர்ஜி. பயில்வான் தினமும் வருவான், இரண்டு மணி நேரம் இயந்திரத்தை விடமாட்டான், பத்து டாலரில் நூறு டாலருக்கு வேலை வாங்கிவிடுவான். எடையைத் தடாலென்று போட்டு ‘ஹூம்’ என்று உறுமினால் அங்கே சைரன் அடிக்கிற ஏற்பாடே உண்டு. நம்மைப் போன்ற தொப்பைக்காரர்களுக்கு ராஜ உபசாரம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இலவச பீட்சா கொடுத்து வந்தார்கள். ஜிம்மில் பீட்சாவா என்று நானும் முதலில் வாயைப் பிளந்தேன். மாதம் ஒரு தடவை பீட்சா தின்றுவிட்டு வருகிறவன், நானும் ஜிம்முக்குப் போனேன் என்ற நிம்மதியில் சந்தாவை நிறுத்த மாட்டான். ரோமர்கள் கொடுத்த பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

நம் ஊரில் இத்தனை நுணுக்கம் கிடையாது. பன்னிரண்டு மாதத்தையும் முதல் நாளே வாங்கிவிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டாயிரம், நியூ இயர் ஆஃபர். கூட ஒரு டீ சர்ட்டும் ஷேக்கர் பாட்டிலும். டீ சர்ட்டை முதலில் மகன் கிரிக்கெட்டுக்குப் போட்டான், இப்போது அது அடுப்படித் துணி. ஷேக்கரில் என் மனைவி மோர் அடிக்கிறாள், கட்டி தட்டாமல் வருகிறதாம்.

போன டிசம்பர் 30-ஆம் தேதி அங்கிருந்து போன் வந்தது. “சார், ரெனியூவல் டைம் சார். இன்னிக்கு வந்தா பழைய ரேட்.” போனேன். கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. கவுண்டரில் இருந்த தம்பி தலை நிமிராமல், “ட்ரையலுக்கா சார்? ஷூ கொண்டாந்தீங்களா?” என்றான்.

“தம்பி, நான் ஒரு வருஷமா மெம்பர்.”

அவன் கம்ப்யூட்டரில் தேடி, என் பெயரைக் கண்டுபிடித்து, மரியாதையாக எழுந்து நின்றான். மொத்தம் பதினேழு வருகை. அதில் ஒன்று மறந்துவிட்டு வந்த துண்டை எடுக்கப் போனது. பன்னிரண்டாயிரத்தைப் பதினேழால் வகுத்தால் தடவைக்கு எழுநூற்றைந்து ரூபாய் சொச்சம். சுவரில் ‘ஒரு நாள் கட்டணம் ரூ.150’ என்று ஒட்டியிருந்தது. துண்டுக்கும் சேர்த்தே பார்த்தாலும் 2,550 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய கதை.

“நாள் கணக்கில் கட்டிக்கொண்டு வரட்டுமா தம்பி?”

“அப்படிக் கட்டுறவங்க ஜனவரியைத் தாண்டி வர்றதில்ல சார்.”

“வருஷம் கட்டினவங்க?”

“அவங்களும் வர்றதில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா கட்டியிருப்பாங்க” என்றான்.

இவ்வளவு வரலாறு படித்தவன் எழுந்து வந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். ஜோடி ஆஃபர், ஒருவர் சேர்ந்தால் கூட இன்னொருவருக்குப் பாதி விலை. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இரண்டாவது பெயர் என்று இருந்த கட்டத்தில் மச்சினனின் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொடுத்தேன். டீ சர்ட் அளவு கேட்டான், எக்ஸ்எல் என்றேன். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் பழைய குழுச் செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போய், ஜனவரி 7 வடிவேலுவைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன்.